மூன்று கடனை ஒரே கடனாக்கினால் லாபமா? பெரும்பாறை காபித் தோட்டத்துக் கணக்கு ஒன்று

‘உங்க எல்லா கடனையும் எங்ககிட்ட கொண்டு வாங்க. ஒரே கடன், ஒரே தவணை, நிம்மதியா இருங்க!’

இப்படி ஒரு எஸ்எம்எஸ் உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கும். டவுனில்தான் இந்த வலை என்று நினைத்தால் தவறு. பட்டிவீரன்பட்டி பக்கமிருந்து மலையேறி தாண்டிக்குடி போகிற வழியில் இருக்கும் பெரும்பாறை மாதிரி ஊர்களிலும் இதே பேச்சுதான். காபி, மிளகு, வாழை என்று தோட்டத்தை நம்பி இருக்கிற ஊர். வருமானம் வருஷத்தில் சில மாதங்கள்தான் கைக்கு வரும். தவணையோ மாதா மாதம் கதவைத் தட்டும். அந்த இடைவெளியில்தான் ஒரு கடன் மூன்று கடனாகிறது.

சரி, மூன்றையும் ஒன்றாக்கினால் உண்மையிலேயே செலவு குறையுமா? சில நேரம் குறையும். பல நேரம் தவணை மட்டும் குறையும், மொத்தச் செலவு ஏறிவிடும். எது எப்போது என்பதை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

கடன் எங்கெங்கே இருக்கிறது?

கணக்குக்காக பெரும்பாறையில் இரண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் நாம் வைத்துக்கொண்டவை. கடன்களின் வகை மட்டும் மலையில் வழக்கமாக இருப்பதுதான்.

முதல் கடன், ஊரில் தெரிந்தவரிடம் வாங்கிய ஒரு லட்சம். மூணு வட்டி. அதாவது நூத்துக்கு மாசம் மூணு ரூபாய். மாதம் ரூ.3,000 வட்டி போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. வருஷக் கணக்கில் இது 36%.

இரண்டாவது, வீட்டம்மா பெயரில் இருக்கும் குழுக் கடன். நுண்கடன் நிறுவனத்தில் 24% வட்டிக்கு, 24 மாதத் தவணையில் ரூ.80,000 வாங்கியது. மாதம் ரூ.4,230. பதினாறு தவணை கட்டியாச்சு, எட்டு பாக்கி. இன்றைக்கே அடைப்பதென்றால் சுமார் ரூ.31,000 கட்ட வேண்டும்.

மூன்றாவது, கூட்டுறவு சங்கத்தில் வாழைக்கு வாங்கிய பயிர்க்கடன் ஒரு லட்சம். கெடு தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவு பயிர்க்கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுபவர்களின் வட்டியை அரசே ஏற்கிறது.

மூன்றும் சேர்ந்தால் ரூ.2,31,000. மாதம் கையை விட்டுப் போவது 3,000 + 4,230 = ரூ.7,230. இது போக, அறுவடை முடிந்ததும் சங்கத்துக்கு ஒரு லட்சம் கட்டணும்.

தவணை குறைந்தது... ஆனால்?

இப்போது ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் வருகிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ரூ.2,40,000 தருகிறார்கள். 18% வட்டி, ஆறு வருஷம். இதில் ரூ.9,000 செயலாக்கக் கட்டணம், காப்பீடு, பத்திரச் செலவு என்று முதலிலேயே கழிந்துவிடும். மீதி ரூ.2,31,000-ல் மூன்று கடனும் காலி. மாதத் தவணை ரூ.5,474.

ரூ.7,230 கட்டிய இடத்தில் ரூ.5,474. அதோடு சங்கத்துக்குக் கட்ட வேண்டிய ஒரு லட்சம் பற்றிய கவலையும் இல்லை. 36%, 24% என்று இருந்த வட்டி 18% ஆகிவிட்டது. யாராக இருந்தாலும் கையெழுத்து போடத் தோன்றும்.

ஆனால் 5,474-ஐ 72 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள். ரூ.3,94,128 வருகிறது. அடைத்தது ரூ.2,31,000 கடன். ஆக, இந்த ‘நிம்மதி’யின் விலை சுமார் ரூ.1,63,000.

இதில் எந்தக் கடனால் எவ்வளவு ஏறியது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மூன்றையும் ஒரே மூட்டையாகப் பார்க்கிற வரை இது கண்ணுக்குத் தெரியாது.

குழுக் கடனை எடுங்கள். அதை அப்படியே விட்டிருந்தால் இன்னும் எட்டு தவணை, மொத்தம் ரூ.33,840. அதாவது இனிமேல் கட்ட வேண்டிய வட்டி வெறும் ரூ.2,840-தான். இதே ரூ.31,000-ஐ புதிய கடனுக்கு மாற்றினால், ஆறு வருஷத்தில் அதற்கு மட்டும் ஏறக்குறைய ரூ.19,900 வட்டி போகும். வட்டி விகிதம் 24-லிருந்து 18-ஆகக் குறைந்தும், கட்டும் வட்டி ஏழு மடங்காகிறது!

காரணம் ரொம்ப சிம்பிள். தவணைக் கடனில் வட்டியின் பெரும்பகுதியை முதல் மாதங்களிலேயே கட்டிவிடுகிறோம். கடைசி மாதங்களில் போவது பெரும்பாலும் அசல்தான். பதினாறு மாதம் கஷ்டப்பட்டுக் கட்டி, மேட்டைத் தாண்டிவிட்டோம். இனி இறக்கம்தான். அந்த நேரத்தில் கடனை மாற்றுவது, திரும்பவும் மலையடிவாரத்துக்குப் போய் முதல் கொண்டை ஊசி வளைவிலிருந்து ஏறுவது போல.

பயிர்க்கடனின் கதை இன்னும் மோசம். வட்டியே இல்லாத ஒரு லட்சத்தை 18% கடனாக மாற்றுகிறோம். ஆறு வருஷத்தில் ரூ.64,200 வட்டி, சும்மா இருந்த இடத்தில். வங்கியில் கிசான் கார்டு மூலம் வாங்கிய பயிர்க்கடனுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். மூன்று லட்சம் வரை 7% வட்டி, சொன்ன தேதிக்குள் கட்டினால் 3% சலுகை போக 4%. தனியார் கடன் எதுவும் இந்த விகிதத்தின் பக்கத்தில் கூட வராது.

அந்த ரூ.9,000 கட்டணமும் கடனிலேயே சேர்ந்துவிடுவதால் அதற்கும் வட்டி ஓடும். ஆறு வருஷம் முடியும்போது அது மட்டும் ரூ.14,800 ஆகியிருக்கும்.

மிச்சம் இருப்பது மூணு வட்டிக் கடன். உண்மையான லாபம் இங்கேதான். மாதம் ரூ.3,000 என்று ஆறு வருஷம் கட்டினால் ரூ.2,16,000 வட்டியாகவே போயிருக்கும், அசல் ஒரு லட்சம் அப்போதும் கழுத்தில் நிற்கும். புதிய கடனில் இதற்கான பங்கு ரூ.64,200 வட்டி, அதோடு அசலும் முடிந்துவிடும்.

ஆக, மூன்று கடனில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. மற்ற இரண்டையும் சேர்த்து இழுத்துப் போட்டதுதான் நஷ்டம்.

வாயாலேயே போடக்கூடிய கணக்கு

ஒவ்வொரு தடவையும் கால்குலேட்டர் தேட வேண்டாம். ஒரு கடனை மாற்றலாமா என்று பார்க்க, வட்டி விகிதத்தை மீதி மாதங்களால் பெருக்குங்கள். பழைய கடனுக்கு ஒன்று, புதிய கடனுக்கு ஒன்று. எது பெரிதோ அதில்தான் அதிக வட்டி போகும்.

குழுக் கடனில் 24 × 8 = 192. புதிய கடனில் 18 × 72 = 1,296. கிட்டத்தட்ட ஏழு மடங்கு. மேலே துல்லியமாகப் போட்ட கணக்கிலும் ஏழு மடங்குதான் வந்தது.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொரு பதில் கிடைக்கும். 192-ஐ 18-ஆல் வகுத்தால் பத்து சொச்சம். அதாவது இந்தக் குழுக் கடனை 18%-க்கு மாற்றுவதில் லாபம் வேண்டுமென்றால், புதிய கடனைப் பத்து மாதத்துக்குள் முடிக்கணும். அதிலும் மிச்சமாவது இருநூறு ரூபாய் சொச்சம்தான். கட்டணம் என்று ஐநூறு ரூபாய் வாங்கினாலே அது போச்சு. அதற்கு எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய கடனையே முடித்துவிடலாம்.

இந்தப் பெருக்கல் தவணைக் கடனை இன்னொரு தவணைக் கடனோடு ஒப்பிடத்தான் சரியாக வரும். மூணு வட்டி மாதிரி அசல் குறையாத கடனுக்கு ‘மீதி மாதம்’ என்று ஒன்றே கிடையாது. நீங்கள் அசலைக் கொடுக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மாற்ற வேண்டிய கடன்களின் வரிசையில் அது முதலில் நிற்கிறது.

அப்போ மூணு வட்டியை மட்டும் எப்படி மாற்றுவது?

அதே நிறுவனத்திடம், அதே 18%-க்கு, ஒரு லட்சம் மட்டும் மூன்று வருஷத்துக்கு வாங்கினால் தவணை ரூ.3,615. இப்போது வட்டியாக மட்டும் கொடுக்கும் ரூ.3,000-ஐ விட ரூ.615 அதிகம், அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் அசலும் வட்டியும் முடிந்துவிடும். மொத்த வட்டி சுமார் ரூ.30,150.

இதோடு குழுக் கடனின் மீதி வட்டி ரூ.2,840-ஐயும், கட்டணம் என்று ஒரு ரூ.3,000-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு சுமார் ரூ.36,000. எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் ரூ.1,63,000. வித்தியாசம் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல்.

வீட்டில் நகை இருந்தால் இன்னும் மலிவான வழி உண்டு. வங்கியில் நகைக்கடன் 10% என்று வைத்துக்கொள்வோம். மூணு வட்டிக்காரருக்குக் கொடுத்த அதே ரூ.3,000-ஐ மாதா மாதம் நகைக்கடனில் கட்டினால், சுமார் 39 மாதத்தில் கடன் முடிந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி சுமார் ரூ.17,600. கையிலிருந்து ஒரு ரூபாய் கூட கூடுதலாகப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் நகைக்கடனில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதா மாதம் கட்டு என்று பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வருஷம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி, திருப்பி வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் பல வீடுகளில் நகை பத்து வருஷமாக வங்கியிலேயே இருக்கிறது. அந்த ரூ.3,000-ஐ நீங்களாகக் கொண்டுபோய்க் கட்டினால்தான் இந்தக் கணக்கு வேலை செய்யும். வைக்கும்போதே ‘இடையில் அசலில் கட்டிக்கலாமா’ என்று மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள்.

காபிக்காரர்கள் இதை ஒருமுறை பார்த்துவிட்டார்கள்

கடனை ஒன்றாக்குவது காபி விவசாயிகளுக்குப் புதுசு இல்லை. நாடு முழுக்க ஒரே நேரத்தில் அவர்களுக்கு அது நடந்திருக்கிறது.

1994-ல் பிரேசிலில் பனி விழுந்து காபிச் செடிகள் கருகின. உலகச் சந்தையில் விலை எகிறியது. அந்த நல்ல வருஷங்களில் இங்கேயும் பலர் கடன் வாங்கித் தோட்டத்தை விரித்தார்கள். 2000-க்குப் பிறகு வியட்நாம் காபி சந்தையில் கொட்ட, விலை அதலபாதாளத்துக்குப் போனது. பறிகூலிக்கே கட்டுப்படியாகாத நிலை. பயிர்க்கடன், மேம்பாட்டுக் கடன் என்று விதவிதமாக வாங்கிய எல்லாம் நின்றுபோயின.

2002-ல் ஒரு தீர்வு வந்தது. விவசாயியின் நிலுவைக் கடன்களை எல்லாம் சேர்த்து ஒரே கடனாக்கினார்கள். ‘சிறப்பு காபி டேர்ம் லோன்’ என்று பெயர். வட்டியைக் குறைத்து, கட்டும் காலத்தை நீட்டினார்கள். அன்றைக்கு அது தேவையாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. கெடு தாண்டிய கடன்கள் ஒழுங்காயின, புதிய பயிர்க்கடன் வாங்க வழி திறந்தது.

ஆனால் கடனின் காலம் நீண்டதே தவிர, தோட்டத்தின் வருமானம் அந்த வேகத்தில் ஏறவில்லை. காபியில் தண்டுத் துளைப்பான் பூச்சி வேறு. தவணை தவறியது, வட்டி அசலோடு ஏறியது, ஒன்றாக்கிய கடனையே மறுபடி சீரமைக்க வேண்டி வந்தது. கடைசியில் 2010-ல் மத்திய அரசு பத்து ஹெக்டேர் வரை உள்ள சிறு காபி விவசாயிகளுக்காகத் தனியாக ஒரு கடன் நிவாரணத் திட்டம் கொண்டு வந்து, நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது.

இத்தனைக்கும் அந்தக் கடனில் இருந்தது வங்கி வட்டி, அரசு கொடுத்த சலுகை. அதிலேயே காலத்தை நீட்டியது இப்படிப் போய் முடிந்தது. இன்று வீட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு 18%-க்குக் கொடுக்கிற கடனுக்குத் தள்ளுபடி செய்ய யாரும் வரப் போவதில்லை.

2025 தொடக்கத்தில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபியின் விலை ஒரு பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டி புதிய உச்சம் தொட்டது ஞாபகம் இருக்கும். விலை நன்றாக இருக்கும் நேரத்தில்தான் கடன் கொடுப்பவர்களும் தாராளமாகக் கொடுப்பார்கள். அந்த விலை ஆறு வருஷம் நிற்கும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. தவணை மட்டும் ஆறு வருஷமும் அப்படியே நிற்கும்.

‘12% தான் சார்’ என்றால்?

மேலே போட்ட கணக்கு எல்லாம் குறையும் நிலுவைக்கு வட்டி போடும் கடன்களுக்கானது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஆனால் சிலர் ‘பிளாட் ரேட்’ என்று சொல்வார்கள். ஒரு லட்சத்துக்கு 12% பிளாட், இரண்டு வருஷம் என்றால், நீங்கள் பாதி அசலைக் கட்டிய பிறகும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி ஓடும். மொத்தம் ரூ.24,000 வட்டி. இதைக் குறையும் நிலுவைக் கணக்குக்கு மாற்றினால் சுமார் 21.5% வருகிறது. 18% கடனை விட மலிவு என்று நினைத்து வாங்கினால், வாங்கியது அதை விட விலை கூடிய கடன்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு காகிதம் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் புதிதாகக் கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ‘கீ பேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

அந்தத் தாளில் நீங்கள் தேட வேண்டியது ‘ஏபிஆர்’ என்ற ஒரு எண். கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்த பிறகு, வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை அது சொல்லும். நம் உதாரணக் கடனையே எடுத்துக்கொண்டால், வாயால் சொன்னது 18%. ரூ.9,000 பிடித்த பிறகு அது ஏறக்குறைய 19.5% ஆகிவிடுகிறது. பழைய கடனோடு ஒப்பிட வேண்டியது இந்த 19.5-ஐத்தான்.

பழைய கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் உண்டா என்பதும் செலவில் சேரும். நுண்கடனுக்கு அபராதம் வாங்கக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கப்படும் கடன்களில், தொழிலுக்கு அல்லாமல் தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடன்களுக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துத்தான் ஆகணும்.

செலவு கூடினாலும் மாற்ற வேண்டிய நிலை

இவ்வளவு சொன்ன பிறகு, ‘மாசம் ரூ.7,230 கட்ட என்கிட்ட பணமே இல்லையே’ என்று ஒருவர் கேட்டால்? நியாயமான கேள்வி. தவணை தவறி, குழுவில் மற்ற பெண்கள் முன்னால் தலைகுனிந்து, அதை அடைக்க இன்னொரு இடத்தில் மூணு வட்டிக்கு வாங்குவதை விட, மொத்தச் செலவு கொஞ்சம் கூடினாலும் தவணையைக் குறைத்துக்கொள்வது தப்பில்லை. அங்கே நீங்கள் வாங்குவது அவகாசம். அதற்கு ஒரு விலை உண்டு என்று தெரிந்தே வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

அப்படி மாற்றித்தான் ஆகணும் என்றால், அறுவடைப் பணத்தை வைத்து அந்த விலையைக் குறைக்க முடியும். நம் ரூ.2,40,000 கடனையே பார்ப்போம். மாதம் ரூ.5,474 கட்டிக்கொண்டே, முதல் வருஷ முடிவில் காபி, மிளகு விற்ற காசில் ரூ.60,000, இரண்டாம் வருஷ முடிவில் இன்னொரு ரூ.60,000 அசலில் கட்டினால், 72 மாதக் கடன் 35 மாதத்தில் முடிந்துவிடும். வட்டி ரூ.1,54,000-லிருந்து சுமார் ரூ.71,000 ஆக இறங்கும்.

இதற்கு இரண்டு விஷயத்தை முதலிலேயே எழுத்தில் வாங்க வேண்டும். இடையில் அசலில் கட்ட அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பது ஒன்று. அப்படிக் கட்டும்போது தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்வது இன்னொன்று. நீங்கள் சொல்லாவிட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்துவிட்டு ஆறு வருஷத்தை அப்படியே வைத்துவிடுவார்கள். அப்போது மிச்சம் ரொம்பக் குறைந்துவிடும்.

அந்த நிலையிலும் பயிர்க்கடனை மட்டும் இந்த மூட்டையில் சேர்க்காமல் இருக்கப் பாருங்கள். பயிர் பாதித்து கெடு தேதிக்குள் கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதி தாண்டும் முன்பே சங்கத்தில் போய்ப் பேசுங்கள். தேதி தாண்டினால் வட்டிச் சலுகை போய்விடும்.

இன்னொன்றையும் யோசிக்கணும். குழுக் கடனுக்கு அடமானம் கிடையாது. அதை வீட்டுப் பத்திரத்தின் மேல் வாங்கிய கடனோடு சேர்த்துவிட்டால், அந்த ரூ.31,000-க்கும் இப்போது வீடு பிணையாகிறது. நாளைக்குத் தவணை தவறினால் பிரச்சினை குழுக் கூட்டத்தோடு முடியாது, வீடு வரை வரும். வட்டிக் கணக்கில் இது எங்கேயும் தெரியாது.

பழைய கடன் உண்மையிலேயே முடிந்ததா?

கணக்கெல்லாம் சரியாக வந்து, கடைசியில் கோட்டை விடுகிற இடம் இதுதான். புதிய கடன் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தால், பாதி பழைய கடனுக்கும் பாதி ரேஷன் முதல் கல்யாணச் செலவு வரைக்கும் போய்விடும். பிறகு பழைய கடனும் இருக்கும், புதுசும் இருக்கும். முடிந்தால் பழைய நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் பணம் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு முன்பே அந்த நிறுவனத்திடம் ‘இன்றைய தேதியில் முழுசா அடைக்க எவ்வளவு’ என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

ஊர்க் கடனில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஒரு லட்சத்தைக் கொடுக்கும்போதே கையெழுத்துப் போட்ட புரோநோட்டையும், கொடுத்து வைத்த வெற்று செக்கையும் திருப்பி வாங்குங்கள். ‘நாளைக்குத் தேடித் தரேன்’ என்றால், பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். பணம் ரொக்கமாகப் போகாமல் வங்கி வழியாகப் போனால் அடைத்ததற்கு ஒரு சாட்சி இருக்கும்.

நிறுவனக் கடன் என்றால் நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். ஒன்றிரண்டு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகவே கிடைக்கும். அதில் பழைய கடனுக்கு நேராக ‘குளோஸ்டு’ என்று இருக்க வேண்டும். ‘செட்டில்டு’ என்று இருந்தால், முழுத் தொகையும் கட்டாமல் பேசி முடித்த கடன் என்று அர்த்தம். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது அந்த ஒரு வார்த்தை பிரச்சினை பண்ணும். முழுசாகக் கட்டியும் அப்படி வந்திருந்தால், சான்றிதழ் நகலோடு அந்த நிறுவனத்துக்கும் கிரெடிட் ரிப்போர்ட் கொடுக்கும் நிறுவனத்துக்கும் எழுதித் திருத்தச் சொல்லலாம். அதற்குக் காசு கிடையாது.